முன்பணம் கட்டிய வண்டி தாமதமாகி விலையும் ஏறினால்: கட்டுவதா, கடிதம் எழுதுவதா, ரத்து செய்வதா?

புத்தாண்டையொட்டி விலையைக் கூட்டுவது கார் நிறுவனங்களின் வழக்கம். ஆகவே ஆயுத பூஜை, தீபாவளிக் காலத்தில் முன்பணம் கட்டிவிட்டு வண்டிக்காகக் காத்திருப்பவர்கள் ஜனவரியில் ஒரே கேள்வியுடன் வருகிறார்கள். "நவம்பரில் தருவதாகச் சொன்னார்கள். இப்போதுதான் வண்டி வந்திருக்கிறது. புதிய விலையைக் கட்டினால்தான் சாவி என்கிறார்கள். பழைய விலைக்கே கேட்டுக் கடிதம் எழுதலாமா, எழுதினால் பலன் உண்டா?"

பலன் உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. சிலருக்குக் கடிதம் பணத்தை மீட்டுத் தரும். சிலருக்கு வண்டி இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போவதுதான் மிச்சமாகும். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை முதலில் பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்தெடுங்கள்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

புக்கிங் படிவத்தின் பின்பக்கம். பெரும்பாலான படிவங்களில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று, "டெலிவரி நாளன்று அமலில் உள்ள விலையே பொருந்தும்". மற்றொன்று, "டெலிவரி காலம் உத்தேசமானது". முதல் வரியின் கீழ் கையெழுத்திட்டிருந்தால், "புக் செய்த அன்றே விலை முடிவாகிவிட்டது" என்ற வாதம் நிற்பது கடினம். மாறாக, "விலைப் பாதுகாப்பு உண்டு" என்றோ, "அறிமுக விலை" என்றோ படிவத்திலோ குறுஞ்செய்தியிலோ இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2022 ஜூலையில் ஸ்கார்பியோ-என் புக்கிங் திறந்தபோது, முதல் 25,000 பேருக்கு மட்டும் அறிமுக விலை, மற்றவர்களுக்கு டெலிவரி நாள் விலை என்று நிறுவனமே முன்கூட்டி அறிவித்தது. இப்படித் தெளிவான அறிவிப்பு இருந்தால் வாக்குவாதத்துக்கே இடமில்லை. பிரச்சினை எல்லாம் வாய்வார்த்தையில் முடித்த புக்கிங்குகளில்தான்.

வாக்களித்த நாளும் விலை ஏறிய நாளும். நான்கில் முக்கியமானது இதுதான். வாக்களித்த டெலிவரி நாள் விலையேற்றத்துக்கு முன்பே கடந்துவிட்டதா? கடந்திருந்தால், "டெலிவரி நாள் விலை" என்ற வரியை ஏற்றுக்கொண்டே நீங்கள் வாதாடலாம். சொன்ன நாளில் தந்திருந்தால் டெலிவரி நாள் விலை என்பதே பழைய விலையாகத்தான் இருந்திருக்கும். கூடுதல் தொகை அவர்களுடைய தாமதத்தால் விளைந்த நஷ்டம். ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக விளையும் நஷ்டத்துக்கு இழப்பீடு கேட்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு இடம் தருகிறது.

வாக்களித்த நாளே விலையேற்றத்துக்குப் பிந்தையது என்றால் இந்த வாதம் கிடையாது.

ஏறியது விலையா, வரியா. ஒப்பந்தத்துக்குப் பிறகு அரசு வரியைக் கூட்டினால், வேறுவிதமாக எழுதியிராத பட்சத்தில் அதை வாங்குபவரிடம் வசூலிக்கப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 64ஏ பிரிவு அனுமதிக்கிறது. குறைந்தால் அந்தப் பலனும் வாங்குபவருக்கே. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கும் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, ஆகஸ்டில் புக் செய்து காத்திருந்தவர்கள் இதனால் லாபமடைந்தார்கள். அன்று டெலிவரி நாள் விலையைக் கேட்டு வாங்கிய அதே கையால், இன்று வரி உயர்வை எதிர்த்துக் கடிதம் எழுதுவது எடுபடாது. நிறுவனம் தானாகக் கூட்டிய விலையைத்தான் எதிர்க்க முடியும்.

உண்மையான வித்தியாசம். ஷோரூமில் சொல்லும் "வெறும் 25 ஆயிரம்தான் ஏறியிருக்கிறது" என்ற கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம்.

## 25 ஆயிரம் எப்படி 78 ஆயிரம் ஆகிறது

தமிழ்நாட்டில் ஒருவர் அக்டோபர் 5 அன்று 25,000 ரூபாய் முன்பணம் கட்டிக் கார் புக் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்-ஷோரூம் விலை 9,85,000. படிவத்தில் "8 வாரம்" என்று பேனாவால் எழுதியிருக்கிறது. அதாவது நவம்பர் 30. ஜனவரி 1 முதல் விலை 25,000 ஏறுகிறது. ஜனவரி 10 அன்று "வண்டி வந்துவிட்டது, 10,10,000 என்ற கணக்கில் மீதியைக் கட்டுங்கள்" என்று அழைப்பு வருகிறது.

2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு மாற்றியமைத்த ஆயுள் வரி விகிதத்தில், 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் இந்த விகிதம்.

| | பழைய விலையில் | புதிய விலையில் | வித்தியாசம் |
|---|---|---|---|
| எக்ஸ்-ஷோரூம் | 9,85,000 | 10,10,000 | 25,000 |
| ஆயுள் வரி | 1,28,050 | 1,81,800 | 53,750 |
| மொத்தம் | 11,13,050 | 11,91,800 | 78,750 |

இதற்கு மேல், 10 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு 1 சதவீதம் டிசிஎஸ் பிடிப்பார்கள்; இங்கே 10,100 ரூபாய். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கக்கூடிய பணம்தான் என்றாலும், இப்போது கையிலிருந்து போகிறது. பழைய ஆன்-ரோடு விலையை வைத்து வங்கி கடனை அனுமதித்திருந்தால், கூடுவது முழுவதும் உங்கள் சொந்தப் பணம்.

விலை 10 லட்சத்தின் விளிம்பில் இல்லாத வண்டிக்கு இந்தத் தாவல் இருக்காது. 7 லட்ச ரூபாய் காருக்கு 15,000 ஏறினால், வரியோடு சேர்த்து 16,950 தான். அங்கே சண்டைக்கான கணக்கே வேறு.

## நான்கு வழிகள்

| வழி | வண்டி எப்போது | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| கேட்டதைக் கட்டி எடுப்பது | உடனே | பிறகு கேட்கும் உரிமை பலவீனமாகும் | வித்தியாசம் சிறியது, படிவமும் பாதகம் |
| ஆட்சேபத்துடன் கட்டி எடுத்து, பிறகு மீட்பது | உடனே | மாதக்கணக்கில் அலைச்சல் | வண்டி அவசரம், ஆதாரம் வலுவானது |
| கட்டாமல் பழைய விலைக்கே வலியுறுத்துவது | சில வாரம், சில நேரம் அதற்கும் மேல் | ஒதுக்கிய வண்டி கைமாறலாம் | காத்திருக்க முடியும், வாக்களித்த நாள் விலையேற்றத்துக்கு முன்பே கடந்தது |
| ரத்து செய்து முன்பணத்தைத் திரும்பப் பெறுவது | வேறு வண்டி, வேறு வரிசை | மற்ற இடத்திலும் புதிய விலையே | வேறு மாடலில் மனம் சென்றவர் |

### கேட்டதைக் கட்டி எடுப்பது

வித்தியாசம் சிறியதாக இருந்து, படிவத்தில் டெலிவரி நாள் விலை என்றும் இருந்து, நாள் குறித்த எழுத்து ஒன்றும் கையில் இல்லையென்றால், இதுவே சரி. பதிலுக்கு வேறு ஏதாவது பேசி வாங்குங்கள். "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். அது அரசுக்குப் போகும் பணமல்ல. காப்பீட்டை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டு வந்து பேசினால், ஏறிய விலையில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும்.

### ஆட்சேபத்துடன் கட்டுவது

மகளின் திருமணத்துக்குள் வண்டி வேண்டும், பழைய வண்டியை ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது. பணத்தைக் கட்டும் முன் கடிதமோ மின்னஞ்சலோ போயிருக்க வேண்டும். கட்டிய பிறகு எழுதினால், "அன்று ஒன்றும் சொல்லாமல் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனாரே" என்பார்கள். டெலிவரி நோட்டில் "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று அச்சடித்திருக்கும். அதன் கீழேயே "விலை வித்தியாசம் குறித்த என் ஆட்சேபத்துக்கு உட்பட்டு" என்று கையால் எழுதிக் கையெழுத்திட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் வண்டி கைக்கு வந்துவிடுவதால் உங்களுக்குப் பதற்றம் இல்லை. அவர்களுக்கும் அவசரம் இல்லை. பணம் திரும்ப வருவதென்றால் பெரும்பாலும் நுகர்வோர் ஆணையம் வரை போக வேண்டியிருக்கும்.

### பழைய விலைக்கே வலியுறுத்துவது

நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு என் பரிந்துரை இதுதான். நவம்பர் 30 என்ற நாள் எழுத்தில் இருக்கிறது. விலையேற்றம் அதற்கு ஒரு மாதம் கழித்து. வித்தியாசமும் அலைச்சலுக்குத் தகுந்த தொகை.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கோபத்தில் "பழைய விலை இல்லையென்றால் வண்டி வேண்டாம்" என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். ஒதுக்கிய வண்டியை டீலர் வரிசையில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு, "வாடிக்கையாளரே மறுத்துவிட்டார்" என்று பதிவு செய்துகொள்வார். அதோடு தாமதம் உங்களுடையதாகிவிடும். வண்டி ஒதுக்கப்பட்டதாகச் செய்தி வந்த அன்றே, "வண்டியைப் பெற்றுக்கொள்ளத் தயார், பழைய விலையின்படி முழுத் தொகையையும் கட்டத் தயார்" என்று எழுத்தில் பதில் போக வேண்டும். வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தின் நகலையும் இணைத்தால், தயாராக இருந்ததற்கு அதுவே சாட்சி.

பணம் கட்டும் முன் சேஸிஸ் எண்ணையும், வண்டி தயாரிக்கப்பட்ட மாதம், ஆண்டையும் கேளுங்கள். பதிவுக்குப் போகும் படிவம் 21-இல் அந்த விவரம் இருக்கும். நவம்பரில் தயாரான வண்டிக்கு ஜனவரி விலை கேட்கிறார்கள் என்றால் உங்கள் வாதம் இரட்டிப்பாகிறது. போன ஆண்டு வண்டியை இந்த ஆண்டு விலைக்கு ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கலாம். விலை ஏறும் முன்பே தயாரான வண்டியை ஏன் தாமதமாக ஒதுக்கினீர்கள் என்றும் கேட்கலாம். மறுவிற்பனையில் தயாரிப்பு ஆண்டைப் பார்த்துத்தான் விலை பேசுவார்கள் என்பதால், பழைய விலைக்கு ஒப்புக்கொண்டு போன ஆண்டு வண்டியைக் கொடுத்தாலும் அதில் ஒரு இழப்பு இருக்கிறது. அதைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ளுங்கள்.

சமரசத்துக்கு வரும்போது இன்னொரு பொறி உண்டு. "இன்வாய்ஸ் புதிய விலையில்தான் போடுவோம், 25 ஆயிரத்தைத் தனியாகத் திருப்பித் தருகிறோம்" என்பார்கள். அல்லது அந்தத் தொகைக்கு சீட் கவர், மேட் என்று துணைப்பொருள்கள். நம் எடுத்துக்காட்டில் அப்படி ஒப்புக்கொண்டால் ஆயுள் வரி 10,10,000-க்குப் போய்விடும். 25 ஆயிரத்தை மீட்டு 53,750-ஐ இழப்பீர்கள். குறைப்பு இன்வாய்ஸிலேயே தெரிய வேண்டும். வரி கட்டும் முன் ஆர்டிஓ கணக்கில் எந்த விலை பதிவாகியிருக்கிறது என்பதைத் திரையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே புதிய விலைதான் வரும் என்றால், வரி வித்தியாசத்தையும் அவர்களே ஏற்பதாக எழுதி வாங்குங்கள்.

### ரத்து செய்வது

கோபத்துக்கு இதமான வழி. ஆனால் கணக்கில் பெரும்பாலும் தோற்கிற வழி. விலையைக் கூட்டியது நிறுவனம் என்றால் பக்கத்து ஊர் டீலரிடமும் அதே புதிய விலைதான். அதற்கு மேல் புதிய வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். இங்கே ரத்துக் கட்டணம் என்று ஒரு பிடித்தமும் கேட்பார்கள்.

தாமதம் அவர்கள் பக்கம் என்றால் அந்தப் பிடித்தத்தை ஏற்க வேண்டியதில்லை. சொன்ன நாள் கடந்த பிறகு விலகுபவர் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகமாட்டார். ரத்துக் கடிதத்தில் "தனிப்பட்ட காரணங்களுக்காக" என்று எழுதச் சொல்வார்கள், எழுதிவிடாதீர்கள். "வாக்களித்த நாளில் டெலிவரி தராததாலும், அதன்பின் விலையை உயர்த்தியதாலும்" என்றே எழுதுங்கள். வேறு மாடலை எடுக்கப் போகிறீர்கள், அல்லது வேறொரு டீலரிடம் விலை ஏறும் முன் வந்த இருப்பு வண்டி அதே நிறத்தில் நிற்கிறது என்றால் மட்டும் ரத்து செய்யுங்கள். அதுவும் அங்கே எழுத்தில் உறுதி வாங்கிய பிறகு.

## கடிதம்

வலியுறுத்துபவருக்கும் ஆட்சேபத்துடன் கட்டுபவருக்கும் கடிதம் ஒன்றே. கடைசி இரண்டு பத்திகள் மட்டும் மாறும். நீளம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வசை, மிரட்டல், ஊடகத்துக்குப் போவேன் என்ற பேச்சு எதுவும் வேண்டாம். பின்னாளில் ஆணையத்தில் இதைப் படிக்கப் போகிறவரை நினைத்து எழுதுங்கள்.

> பெறுநர்: பொது மேலாளர், (டீலர் பெயர், முகவரி)
> நகல்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, (தயாரிப்பு நிறுவனம்)
>
> பொருள்: புக்கிங் எண் …, ஒப்புக்கொண்ட விலையிலேயே வாகனம் வழங்கக் கோருதல்
>
> ஐயா,
>
> (மாடல், வகை, நிறம்) வாகனத்துக்கு அக்டோபர் 5 அன்று ரூ. 25,000 முன்பணம் செலுத்தினேன் (ரசீது எண் …). அன்றைய எக்ஸ்-ஷோரூம் விலை ரூ. 9,85,000. எட்டு வாரத்தில், அதாவது நவம்பர் 30-க்குள் வாகனம் வழங்கப்படும் என்று தங்கள் படிவத்தில் குறிப்பிடப்பட்டுள்ளது.
>
> அந்த நாளில் வாகனம் வழங்கப்படவில்லை. தாமதத்துக்கு என் தரப்பில் எந்தக் காரணமும் இல்லை. ஜனவரி 10 அன்று, ஜனவரி 1 முதல் உயர்ந்த விலையான ரூ. 10,10,000-ஐச் செலுத்துமாறு கேட்டுள்ளீர்கள்.
>
> குறித்த நாளில் வாகனம் வழங்கப்பட்டிருந்தால் டெலிவரி நாளின் விலை ரூ. 9,85,000 ஆகவே இருந்திருக்கும். விலையில் ரூ. 25,000, ஆயுள் வரியில் ரூ. 53,750, ஆக ரூ. 78,750 தங்கள் தாமதத்தால் எனக்கு ஏற்படும் நஷ்டமாகும்.
>
> ரூ. 9,85,000 விலையின்படி மீதித் தொகை முழுவதையும் செலுத்தி வாகனத்தைப் பெற்றுக்கொள்ள நான் தயாராக இருக்கிறேன். வங்கிக் கடன் அனுமதியின் நகலை இணைத்துள்ளேன். எனக்கு ஒதுக்கிய வாகனத்தை வேறு எவருக்கும் மாற்ற வேண்டாம். அதன் சேஸிஸ் எண்ணையும் தயாரிப்பு மாதத்தையும் தெரிவிக்கவும்.
>
> இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அதே விலையில் வாகனத்தை வழங்குமாறும், இயலாதெனில் காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் நிவாரணம் கோருவேன்.

ஆட்சேபத்துடன் கட்டுபவர் கடைசி இரண்டு பத்திகளை எடுத்துவிட்டு, "அவசரத் தேவை காரணமாக ரூ. 78,750 கூடுதல் தொகையை ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், 15 நாட்களுக்குள் அதைத் திருப்பித் தரவும்" என்று முடிக்க வேண்டும்.

நாள் பற்றிய எழுத்து படிவத்தில் இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் தேடுங்கள். "சார், நவம்பர் கடைசியில் கண்டிப்பாக வந்துவிடும்" என்று விற்பனைப் பிரதிநிதி அனுப்பிய ஒரு வரி போதும். அவர் வேலையை விட்டுப் போகும் முன், எண்ணும் தேதியும் தெரிய அதைப் படமெடுத்து வையுங்கள்.

மின்னஞ்சலில் ஒன்று, தபாலில் ஒன்று அனுப்புங்கள். பதிவுத் தபால் சேவை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டுடன் இணைந்துவிட்டது; ஸ்பீடு போஸ்ட்டில் விநியோகச் சான்றுடன் அனுப்பலாம். நிறுவனத்துக்கு நகல் அனுப்புவது அழுத்தம் தருவதற்காக. டீலர் செய்த தவறுக்கு, அது தெரிந்திருந்ததற்கான ஆதாரம் இல்லாமல் தயாரிப்பு நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முன்பணத்தை நிறுவனத்தின் இணையதளத்திலேயே கட்டியிருந்து, ரசீதும் அவர்கள் பெயரில் இருந்தால் அவர்களையும் நேரடியாகக் கேட்கலாம்.

## பதில் வராவிட்டால்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றம் அல்ல. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்கும் இடம். கட்டணம் இல்லை. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வரை விஷயம் போவதால், டீலர் இறங்கி வருவது இந்தக் கட்டத்தில் நடக்கக்கூடியதே.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். ஷோரூம் வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. e-jagriti.gov.in வழியாகவும் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கட்டணம் நீங்கள் செலுத்திய தொகையைப் பொறுத்தது: 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

மனுவை "சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை" என்ற அடிப்படையில் எழுதுங்கள். "டெலிவரி நாள் விலை என்ற நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம்" என்று தொடங்கினால், அந்த வகைப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான்; மாவட்ட ஆணையம் திருப்பி அனுப்பக்கூடும். தாமதத்தை மையமாக வைத்தால் அந்தச் சிக்கல் வராது.

டாக்சி, சரக்கு வண்டி வாங்குபவர்களில், சொந்தப் பிழைப்புக்காகத் தாமே ஓட்டுபவர் நுகர்வோர்தான். நிறுவனத்தின் பெயரில் நாலைந்து வண்டி எடுப்பவருக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. அவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

ஆணையத்தின் தீர்ப்புக்குச் சட்டம் குறிக்கும் காலத்தைவிட நடைமுறையில் அதிக நாளாகும். வண்டியில்லாமல் அதுவரை காத்திருக்க யாராலும் முடியாது. ஆகவே வலியுறுத்தும் வழியைத் தேர்ந்தவர்கள் 15 நாள் கெடுவும், உதவி எண்ணில் புகாருக்குப் பதில் வருகிற காலமும் முடிந்த பிறகும் டீலர் அசையாவிட்டால், ஆட்சேபத்துடன் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு ஆணையத்துக்குப் போகலாம். அதற்குத் தேவையான கடிதமும் அத்தாட்சிகளும் அதற்குள் கையில் தயாராக இருக்கும்.